மாமனாருக்கு வந்த எலும்பு நோய்

எங்கள் வீட்டு ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே, தொடைக்கு மேலே எதுவுமே கிடையாது. இடுப்பு வலிக்கும், தொடை பிடித்துக்கொள்ளும், நடுவில் இருப்பதற்கு மட்டும் எந்தக் காலத்திலும் எந்தக் கோளாறும் வந்ததில்லை. அப்படித்தான் வெளியில் பேச்சு. பெரிய வீடு, பதினாறு ஏக்கர் தென்னந்தோப்பு, ஊர்க் கோயிலில் முதல் மரியாதை. இத்தனையும் இருக்கிறவர்களுக்கு மூத்திரம் முட்டினால் அது மரியாதைக் குறைச்சல் இல்லையா?

என் வீட்டுக்காரர் தனபாலுக்கு ஐம்பத்தேழு வயது. எட்டு மாதத்துக்கு மேலாக ராத்திரியில் நாலு தடவை எழுந்துபோகிறார். போனால் சீக்கிரம் வருவதில்லை. நின்று, முக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, வந்து படுத்து, மறுபடி எழுந்திருக்கிறார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்குப் போய்வருவதற்குள் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்துகிறார். மூன்று இடத்திலும் டயரைப் பார்க்கிற மாதிரி ஒரு நடிப்பு வேறு. அந்த டயரை அத்தனை அக்கறையாகப் பார்க்கிற ஆள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

இதற்கு வைத்தியம் பார்த்தவர் அவருடைய அண்ணன் குப்பண்ணன். என் மச்சாண்டார். அறுபத்திரண்டு வயது. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர், ஆனால் சட்டம், வாஸ்து, மாட்டு வைத்தியம், மனுஷ வைத்தியம் எல்லாவற்றிலும் கடைசி வார்த்தை அவருடையதுதான். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் அவருக்கு எப்போதோ இதே தொந்தரவுக்கு எழுதிக்கொடுத்த கேப்சூல் இருந்தது. அதையே மாதாமாதம் மருந்துக்கடையில் கூட இரண்டு அட்டை வாங்கித் தம்பி கையில் கொடுத்துவந்தார். டாக்டர் பார்க்கவில்லை, பரிசோதனை இல்லை. ஒரே ரத்தம், ஒரே மருந்து என்பது அவர் கண்டுபிடிப்பு. தம்பியும் எட்டு மாதமாகத் தினம் ஒன்று விழுங்கினார். அண்ணன் கொடுத்தது விஷமாக இருந்தாலும் தண்ணீர் கேட்டு விழுங்குகிற ஜாதி அவர்.

போன ஆவணியில் மூத்திரம் போகும்போது எரிகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் என் பிரஷர் மாத்திரைக்கு மாதம் ஒருமுறை போகிற குடும்ப ஆரோக்கிய கேந்திரம் என்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு அவரையும் கிளப்பினேன். வீட்டில் ஒரு கூத்தே நடந்தது.

"தோட்டத்து ஆளுக போற எடத்துக்கு நம்மூட்டு ஆம்பள போயி வரிசையில நிக்கறதா?" என்றார் மச்சாண்டார்.

"நாம்போறனுங்களே மாமா, மாசாமாசம்."

"நீ போலாம் அம்முணி. அவன் போலாமா?"

கடைசியில் போவது என்று முடிவானபோது அவரும் கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். அந்த வீட்டில் எந்த ஆணும் மூத்தவர் இல்லாமல் டாக்டரைப் பார்ப்பதில்லை. வியாதி தம்பியுடையது, வாய் அண்ணனுடையது.

டாக்டர் ஜோமோள் கோட்டயத்துப் பெண். முப்பது வயது இருக்கும். எங்கள் பக்கத்தில் வேலைக்கு வந்து இரண்டு வருஷத்தில் தமிழ் கற்றுக்கொண்டது. நடுநடுவே மலையாளம் வழுக்கும். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "சொல்லுங்க சேட்டா, என்ன புத்திமுட்டு?" என்று என் வீட்டுக்காரரிடம் தொந்தரவைக் கேட்டது.

"ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் சூடு," என்றார் மச்சாண்டார்.

"அவர்ட்ட கேட்டேன்."

என் வீட்டுக்காரர் அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் தலையசைத்த பிறகு, "கொஞ்சம் எரிச்சலுங்க," என்றார். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டது. ராத்திரி எத்தனை தடவை, நின்றவுடன் வருகிறதா, தாரை மெலிந்துவிட்டதா, முழுக்கப் போன மாதிரி இருக்கிறதா, ரத்தம் கலந்து வந்ததா, முதுகெலும்பில் வலி உண்டா, எடை குறைந்ததா. எல்லாவற்றுக்கும் அவர் "கொஞ்சம்" என்றே சொன்னார். எடை கொஞ்சம் குறைந்ததா என்றால் அதற்கும் "கொஞ்சம்". பிறகு "இல்லீங்க, குறையலீங்க" என்று திருத்தினார். எனக்குக் கையில் கிடைத்ததை எடுத்து எறியலாம் போல இருந்தது.

"நாலு வாட்டி எந்திரிக்கறாருங்க டாக்டர். நின்னா அஞ்சு நிமிசமாகுது," என்றேன். பையிலிருந்து கேப்சூல் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இதையும் எட்டு மாசமாத் திங்கறாருங்க. எழுதுனது இவருக்கில்ல, அவருக்கு."

மச்சாண்டாருக்கு மூக்கு விடைத்தது. டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு அதைத் தன் பக்கமே வைத்துக்கொண்டது. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்கும்.

நர்ஸ் செல்வப்பிரியா ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து மூத்திரம் பிடித்துவரச் சொன்னாள். அவள் எங்கள் ஊர்ப் பெண், எங்கள் தோட்டத்தில் வேலை செய்த காளிச்சாமியின் மகள். அவள் கையில் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்ததில் பெரிய வீட்டின் கௌரவம் எவ்வளவு குறைந்தது என்று மச்சாண்டார் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார். அவள் அதில் ஒரு பட்டையை முக்கிப் பார்த்துவிட்டு, கிருமி இருக்கிற மாதிரித் தெரிகிறது என்றாள். மிச்சத்தைக் கிருமி வளர்த்துப் பார்க்க அனுப்பினார்கள்.

அப்போதுதான் டாக்டர் அதைக் கேட்டது. "அப்பா, கூடப்பிறந்தவங்க, யாருக்காவது புரோஸ்டேட் கேன்சர் வந்திருக்கா?"

"இல்லீங்க," என்றார் மச்சாண்டார். கேள்வி முடிவதற்கு முன்பே சொன்னார்.

என் வீட்டுக்காரர், "எங்கைய்யனுக்குக் கேன்சருதானுங்க. ஆனா அது எலும்புலீங்க. முதுகெலும்புல," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரியும்.

"எலும்பிலேயே தொடங்கியதா? வேற எடத்துல தொடங்கி எலும்புக்குப் பரவறதும் உண்டு. பழைய பேப்பர் இருக்கா?"

"பேப்பரெல்லாம் வெள்ளத்துல போச்சுங்க," என்றார் மச்சாண்டார்.

எங்கள் ஊரில் வெள்ளம் வந்து நான் பார்த்ததில்லை. சித்திரை வைகாசியில் குடிக்கிற தண்ணீரே லாரியில் வருகிற ஊர். டாக்டர் என்னைப் பார்த்தது. நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தேன்.

பிறகு டாக்டர் பொறுமையாக எடுத்துச்சொன்னது. இந்த வயதில் மூத்திரப் பையின் வாயில் இருக்கிற புரோஸ்டேட் சுரப்பி வீங்குவது சாதாரணம், இந்தத் தொந்தரவு பெரும்பாலும் அந்த வீக்கத்தால்தான், கேன்சரால் அல்ல. பிஎஸ்ஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் அது கேன்சரைக் கையோடு பிடித்துக் காட்டுகிற பரிசோதனை இல்லை. வீக்கத்திலும் எண் ஏறும், கிருமி இருந்தாலும் ஏறும்.

"எண் கூடின நாலு பேர்ல மூணு பேருக்குக் கேன்சர் இருக்காது. வெறுதே பயம், ஸ்கேன், சிலப்போ ஊசி குத்தித் தசை எடுக்க வேண்டி வரும். எண் சரியா இருக்கிற ஏழு பேர்ல ஒருத்தருக்கு உள்ளே கேன்சர் இருக்கவும் இருக்கும். மெதுவா வளர்ற கேன்சர் சிலருக்கு ஆயுசு முழுக்க ஒண்ணும் பண்ணாது, அதைக் கண்டுபிடிச்சு வைத்தியம் பண்ணி அவஸ்தைப்படறவங்களும் உண்டு. ஆனா வேகமா வளர்றதை நேரத்தோட பிடிச்சா உயிர் பிழைக்கலாம். அதனால எடுக்கணும்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். சேட்டன் யோசிச்சு முடிவெடுக்கணும்."

"நீங்களே சொல்லீருங்க டாக்டர்," என்றார் என் வீட்டுக்காரர். பாவம், யாராவது ஒருத்தர் சொல்லியே பழகிய ஆள்.

"இன்னிக்கு எப்படியும் முடியாது. கிருமி இருக்கறப்ப எடுத்தா எண் பொய் சொல்லும். மாத்திரை தரேன், முடிச்சிட்டு ஆறு வாரம் கழிஞ்சு வாங்க. அப்புறம் இன்னொண்ணு." அட்டையைத் தட்டியது. "இந்தக் கேப்சூல் ஆறு மாசத்துக்கு மேல சாப்பிட்டா பிஎஸ்ஏ எண்ணைப் பாதியாக்கும். சேச்சி இதைக் காட்டாம இருந்தா, ரெண்டுன்னு வந்த எண்ணை ரெண்டுன்னே நானும் நம்பியிருப்பேன். நாலுன்னு படிக்கணும்."

வெளியே வந்ததும் மச்சாண்டார், "அந்தப் புள்ளைக்கே ஒண்ணும் தெரியல. எடுக்கலாங்குது, வேண்டாங்குது," என்று சிரித்தார். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிற மனுஷியை அவர் அதுவரை பார்த்ததில்லை.

இப்போது நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மாமனார் சென்னிமலைக்கு அறுபத்து நாலு வயது. இடுப்பு வலி என்று படுத்தவரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். என் வீட்டுக்காரர் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். கோயம்புத்தூரில் டாக்டர்கள் சொன்னது புரோஸ்டேட் கேன்சர், முதுகெலும்பு வரை பரவிவிட்டது என்று. அந்தக் கேன்சருக்குத் தீனி போடுவது ஆண் சுரப்பு, அதை நிறுத்த வேண்டும் என்று இரண்டு விதையையும் அறுவை செய்து எடுத்துவிட்டார்கள்.

அதுதான் அந்த வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. கேன்சர் அல்ல. காளைக்குச் செய்கிறதை ஐயனுக்குச் செய்துவிட்டார்களே என்பதுதான். வருஷாவருஷம் கன்றுகளைக் களத்தில் கட்டிப்போட்டுக் காயடிக்கும்போது பக்கத்தில் நின்று சிரித்த குடும்பம். ஊருக்குத் தெரிந்தால்? அதனால் ஊருக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றார்கள். தம்பியிடம் எலும்புக் கேன்சர் என்றார்கள். டிஸ்சார்ஜ் காகிதங்களை மச்சாண்டார் அடுப்பில் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். போடுவதற்கு முன்னால் படித்தும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தவருக்குப் புண்ணைத் துடைத்துக் கட்டுப்போட ஆள் வேண்டும். மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வெளியாள் வைத்தால் பேச்சு வெளியே போகும். மச்சாண்டார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் மனைவிக்கு வாந்தி வந்தது. மிஞ்சியது நான். பத்து நாள் நான்தான் செய்தேன். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டே கிடப்பார், கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கும். நான் மருமகள் என்பதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அடுத்த பங்குனியில் போய்விட்டார்.

அன்றிலிருந்து மச்சாண்டார் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. எனக்குத் தனிச் சமையலறை வேண்டும் என்றேன், கட்டிக்கொடுத்தார். பெண் பிரதீபாவைப் படிக்கச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றேன், வாயைத் திறக்கவில்லை. என்னிடம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நான் நல்ல மருமகளாக இருந்து வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த ரகசியம் எனக்கு உபயோகமாக இருந்தது என்பதே உண்மை.

ஆறு வாரத்தில் மாத்திரை எரிச்சலைத் தீர்த்துவிட்டது. ராத்திரி நாலு தடவை மூன்றாகக் குறைந்தது. மச்சாண்டார் அதைத் தன் கேப்சூலின் வெற்றியாக ஊருக்குள் சொல்லவில்லை, அந்த இடத்து விஷயம் ஆயிற்றே. வீட்டுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டார்.

நான் ஒருநாள் தோப்பில் அவரைப் பிடித்தேன். தேங்காய் வெட்டுக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"மாமா, அடுத்த வாரம் டாக்டருகிட்டப் போறமுங்க. மாமனாருக்கு என்னாச்சுன்னு நெசத்தச் சொல்லீருங்க."

"எதுக்கு அம்முணி? அவனுக்குத்தான் சரியாப் போச்சே."

"சரியாப் போனது கிருமிங்க."

"செத்துப்போன மனுசன் மானத்த எடுத்து அந்தக் காளிச்சாமி புள்ள முன்னால போடச் சொல்றியா? நாளைக்கு ஊரே எங்கைய்யனப் பத்திச் சிரிக்கோணுமா?"

"உங்க தம்பி உசுரு பெருசா, மானம் பெருசாங்க?"

அவர் ஒரு மட்டையைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னார். "இருபது வருசத்துக்கு மேல நீயுந்தான சொல்லல."

பூஞ்சை நெஞ்சுக்கார இந்த மனுஷன், பெத்த அப்பனின் புண்ணைப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவரைப் பார்த்தவர், என்னைக் கேள்வி கேட்கிறார். இருந்தும் அன்று ராத்திரியும் நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆறு வாரம் முடிந்து மூன்று பேரும் மறுபடி போனோம். மூத்திரத்தைப் பார்த்துவிட்டு, கிருமி இல்லை என்றாள் செல்வப்பிரியா. "யோசிச்சீங்களா சேட்டா?" என்று கேட்டது டாக்டர்.

என் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். நான் அசந்துபோனேன். டாக்டர் சொன்னதையெல்லாம் அவர் எழுதி வைத்திருந்தார். நாலில் மூன்று, ஏழில் ஒன்று, பாதி எண், எல்லாம் அதில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"யோசிச்சனுங்க. எனக்கு இப்பத் தொந்தரவு கொறஞ்சிருக்குதுங்க. எண்ணு ஏறுனாலும் பாதிக்கு மேல வெறும் பயந்தானுங்க. ஊசி குத்துனா காச்சலு வரும், கிருமி வருமுங்கறாங்க. எங்கைய்யனுக்கு அது இருந்திருந்தா நானும் எடுத்துப் பாத்திருவனுங்க. அவருக்கு எலும்புல. அதனால இப்ப வேண்டாமுங்க."

அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக இந்த மனிதர் ஒரு விஷயத்தைத் தானாகவே யோசித்து, தானாகவே முடிவெடுத்திருக்கிறார். ஒழுங்காகவும் யோசித்திருக்கிறார். அவர் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. நாங்கள் கொடுத்த எலும்பு மட்டும்தான் பொய்.

"சரியான யோசனை," என்றார் மச்சாண்டார். எழுந்துவிட்டார்.

"உக்காருங்க மாமா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "டாக்டர், என்ற மாமனாருக்கு எலும்புல ஆரம்பிக்கலீங்க. புரோஸ்டேட்டுலதான் ஆரம்பிச்சுது. அறுவத்து நாலு வயசுல. கோயமுத்தூருல ரெண்டு வெதையும் எடுத்துட்டாங்க. பேப்பரு வெள்ளத்துல போகலீங்க, அடுப்புல போச்சு."

செல்வப்பிரியா கையில் இருந்த பதிவேட்டை மூடினாள். மச்சாண்டார், "பொட்டச்சி பேச்சக் கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தார். டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னது. அவர் நின்றார். டாக்டர் இரண்டாம் தடவை சொன்னதும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். அவர் போனபோது எனக்கு வந்த திருப்தியை மறைக்க மாட்டேன். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வந்தது.

என் வீட்டுக்காரர் காகிதத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஆபரேசனு முடிஞ்சு வந்தப்ப ஐயனுக்கு மருந்து வெச்சது யாரு?" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

"நாந்தானுங்க."

"நீ கண்ணுல பாத்திருக்கற."

"ஆமாங்க."

"நான் எட்டு மாசமா அண்ணன் குடுத்ததத் தின்னுட்டு, எந்திரிச்சு எந்திரிச்சுப் போனதையும் பாத்திருக்கற."

பார்த்தேன். அவர் எழுந்துபோகிற ஒவ்வொரு தடவையும் விழித்துத்தான் இருந்தேன்.

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தது. "சேட்டா, அப்பாவுக்கு வந்திருந்தா உங்களுக்கு வர சாத்தியம் மத்தவங்களவிட ரெண்டு மடங்குன்னு வச்சுக்கலாம். வந்தே தீரும்னு இல்ல. ஆனா நீங்க போட்ட கணக்கை மறுபடி போடணும். இன்னிக்கே சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய்..."

"வேண்டாமுங்க. ஊட்டுக்குப் போயி யோசிக்க முடியாதுங்க." காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எனக்கு இருந்தா, எனக்கும் அதையேதான் பண்ணுவீங்களா?"

"அப்பாவுக்குப் பரவின பிறகு கண்டுபிடிச்சாங்க. அந்த ஆபரேஷன் அதுக்கான வைத்தியம், தப்பா ஒண்ணும் பண்ணல. வெட்கப்படவும் அதுல ஒண்ணுமில்ல. இப்போ அதையே ஊசி போட்டும் செய்யலாம். நேரத்தோட கண்டுபிடிச்சா அதுவரைக்கும் போகாம இருக்கவே சாத்தியம் கூடுதல். சிலருக்கு ஒண்ணும் செய்யாம எண்ணைப் பார்த்துட்டே இருப்போம். சிலருக்குச் சுரப்பியை எடுப்போம், இல்ல ரேடியேஷன். அதுல மூத்திரம் ஒழுகலாம், ஆண்மைக்குக் குறைவு வரலாம். ஒண்ணும் ஆகாதுன்னு நான் வாக்குத் தர மாட்டேன்."

"எண்ணு ஏறியிருந்தா நேரா ஊசி குத்தறதுதானுங்களா?"

"இல்ல. திரும்ப ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம். அப்புறம் ஸ்கேன். அதுக்கப்புறம்தான் அது. ஒவ்வொரு படியிலும் உங்களைக் கேட்டுத்தான்."

அவர் தலையாட்டினார். அவ்வளவு நிதானமாக அவர் தலையாட்டி நான் பார்த்ததில்லை. "எடுத்துக்கங்க," என்றார்.

செல்வப்பிரியா ஒரு காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள். கடந்த இரண்டு நாளில் சைக்கிள் மிதித்தீர்களா? இல்லை. அந்த இரண்டு நாளில் விந்து போகும்படி ஏதாவது? பெரிய வீட்டு ஆணிடம் காளிச்சாமி மகள் இதைக் கேட்கிறாள். அவர் முகம் சிவக்காமல், "இல்ல சாமி," என்றார். மச்சாண்டார் உள்ளே இருந்திருந்தால் அந்த இடத்திலேயே மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்திருப்பார்.

"ரத்தம் எடுத்த பிறகு, பின்பக்கம் விரல் விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கணும். முன்னாடி தொட்டா எண் கொஞ்சம் மாறலாம். சம்மதமா?" என்றது டாக்டர்.

"சரிங்க." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீ வெளிய இரு," என்றார்.

நான் எழுந்தேன். எத்தனையோ தடவை அவருக்கு வாயாக இருந்திருக்கிறேன். இன்று காலையில்கூட டோக்கன் வாங்கியது நான்தான். வாசல் திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே நீளப் பெஞ்சில் மச்சாண்டார் மட்டும் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் குழந்தையோடு நின்றவர்களும் இருமுகிறவர்களும் இருந்தார்கள், அந்தப் பெஞ்சில் மட்டும் மரியாதைக்கு யாரும் உட்காரவில்லை. நான் போய் அதன் மறுகோடியில் உட்கார்ந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "எடுக்கறானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அதே அப்பன்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரும் அந்தக் கேப்சூலைத்தான் தின்கிறார். அவர் எந்த டாக்டரிடமும் இதைச் சொல்லியிருக்க மாட்டார். எனக்குப் பரிதாபம் வரவில்லை. வந்ததாகச் சொன்னால் அது பொய்.

உள்ளே பேசுவது திரை வழியாகக் கேட்டது. கையை இறுக்கி மூடச் சொன்னாள் செல்வப்பிரியா. பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பிறகு டாக்டர், "வீக்கம் இருக்கு, ஆனா மிருதுவா இருக்கு, கட்டி ஒண்ணும் தட்டுப்படல. அது நல்லதுதான். இருந்தாலும் எண் வரட்டும்," என்றது. குழாயில் தண்ணீர் ஓடியது.

"ரத்தத்தை வெளியே லேபுக்கு அனுப்பறோம். வியாழக்கிழமை ரிசல்ட் வரும். கூப்பிட்டுச் சொல்றோம். யார் நம்பரை எழுதணும்? சேச்சியோட நம்பர் இங்க ஏற்கனவே இருக்கு," என்றது டாக்டர்.

"வேண்டாமுங்க. என்ற நம்பர எழுதிக்குங்க. என்ன வந்தாலும் எனக்கு மட்டும் சொல்லுங்க. ஊட்டுல யாருக்கும் சொல்ல வேண்டாம்."

"அண்ணனுக்குச் சொல்ல மாட்டோம். ஆனா மனைவிக்கு..."

பெஞ்சின் மறுகோடியில் மச்சாண்டாரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"ஊட்டுல யாருக்கும்னு சொன்னனுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.